லெஸ்டர் விரிவுரையாளரும் அரசுத் தரப்பு வழக்கறிஞரும்

1960 அக்டோபர் 20. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றம், முதலாம் எண் கூடம். கொலைக் குற்றவாளிகள் நின்ற அந்தக் கூண்டு அன்றைக்குக் காலியாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டது ஒரு நிறுவனம், பென்குவின் பதிப்பகம். டி.எச்.லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலை ஒரு வரி வெட்டாமல் அச்சிட்டு, மூன்றரை ஷில்லிங் விலை வைத்தது அது செய்த குற்றம். சீமாட்டி ஒருத்திக்கும் அவள் கணவனின் எஸ்டேட்டில் வேட்டைக்காடு காக்கும் ஊழியனுக்கும் இடையிலான காதல்தான் கதை. 1928இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் லாரன்ஸ் அதைத் தன் செலவில் அச்சிட்டார். இரண்டு வருடத்தில் இறந்தும்போனார். இங்கிலாந்தில் முழு நூலை வெளிப்படையாக விற்க அதுவரை யாருக்கும் துணிவு வரவில்லை.

அரசுத் தரப்பில் எழுந்து நின்றவர் மெர்வின் கிரிஃபித்-ஜோன்ஸ். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ், ராணுவத்தில் வீரப்பதக்கம், நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் வழக்கில் பிரிட்டிஷ் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர். சந்தேகத்தின் நிழல்கூடப் படாத குரல் அவருக்கு. ஜூரியாக உட்கார்ந்திருந்த ஒன்பது ஆண்களையும் மூன்று பெண்களையும் பார்த்து அவர் சில கேள்விகளை வைத்தார். உங்கள் பிள்ளைகள் இதைப் படிக்கச் சம்மதிப்பீர்களா, வீட்டில் கண்ட இடத்தில் இதைப் போட்டு வைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ இதைப் படிப்பதை விரும்புவீர்களா என்று முடித்தார். ஜூரிகளின் முகத்தில் சிரிப்பு படர்ந்ததை அங்கே இருந்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். 1960இல் வீட்டில் வேலையாட்கள் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஜூரியிலேயே மூன்று பேர் பெண்கள். யாரிடம் பேசுகிறோம் என்பதை அவர் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு அது முதல் அடையாளம். ஆனால் அவரைத் தடுமாற வைத்தது அந்தப் பேச்சு அல்ல. அது ஒரு வாரம் கழித்து, சாட்சிக் கூண்டில் ஏறிய ஒருவரின் பதில்களால் நடந்தது.

அதற்கு முன் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் ஏன் ஓல்ட் பெய்லி கூண்டில் நிற்கிறார் என்பதே புரியாது. அதுவரை இங்கிலாந்தில் ஆபாசத்துக்கு 1868ஆம் ஆண்டின் ஹிக்ளின் தீர்ப்புதான் அளவுகோல். கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ளவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்பதே அது கேட்ட கேள்வி. புத்தகத்திலிருந்து பத்து வரியை உருவி எடுத்துக் காட்டினாலே போதும். 1959இல் வந்த புதிய சட்டம் இரண்டு மாற்றங்கள் செய்தது. நூலை முழுமையாக எடுத்துக்கொண்டே அதன் விளைவை எடைபோட வேண்டும் என்றது. ஆபாசமே என்றாலும், இலக்கியத்துக்கோ கலைக்கோ அறிவியலுக்கோ பயன் தரும் நூல் என்றால் பொது நன்மை கருதி விடுவிக்கலாம் என்றது. அந்த மதிப்பைப் பற்றி நிபுணர்கள் சாட்சி சொல்லலாம் என்றும் அனுமதித்தது. பென்குவின் வழக்கு இந்தப் புதுச் சட்டத்துக்கு வந்த முதல் பெரிய சோதனை.

சட்டம் நூலை முழுதாகப் பார்க்கச் சொன்னதால், ஜூரிகளை ஓர் அறையில் உட்கார வைத்துப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார் நீதிபதி பைர்ன். அதற்காக வழக்கு சில நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு முன்பே அரசுத் தரப்பு தன் சாட்சியத்தை முடித்துக்கொண்டிருந்தது. புத்தகம் வெளியிடப்பட்டது என்பதை நிரூபிக்க ஒரு காவல் துறை அதிகாரி, அவ்வளவுதான். இந்த நாவல் மோசமான இலக்கியம் என்று சொல்ல ஒரு நிபுணரைக்கூட அவர்கள் அழைக்கவில்லை. எதிர்த்தரப்போ முப்பத்தைந்து பேரை வரிசையாக நிறுத்தியது. ஈ.எம்.ஃபார்ஸ்டர் வந்தார். ரெபெக்கா வெஸ்ட் வந்தார். ஒரு பிஷப்பும் வந்தார். ஆக, நாவலுக்கு எதிரான வாதம் முழுவதையும் கிரிஃபித்-ஜோன்ஸ் தன் குறுக்கு விசாரணையால் மட்டுமே கட்டியாக வேண்டும். தன் பக்கம் பேச ஆள் இல்லாததால், எதிர்ப்பக்க சாட்சிகளின் வாயிலிருந்தே அதை வரவழைக்க வேண்டியிருந்தது.

குறுக்கு விசாரணைக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. ஜூனியராகச் சேரும் வழக்கறிஞருக்குச் சீனியர் முதலில் சொல்லிக்கொடுப்பது அது. பதில் என்ன வரும் என்று தெரியாத கேள்வியைக் கேட்காதே. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேள். சாட்சி ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் பேச இடம் கொடுக்காதே. ஏன், எப்படி, விளக்குங்கள் என்ற மூன்றும் உன் வாயிலிருந்து வரவே கூடாது. முதல் விசாரணையில் சாட்சியை அழைத்த தரப்பு பதிலை வழிநடத்தும் கேள்விகளைப் பொதுவாகக் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில்தான் அந்த உரிமை கிடைக்கிறது. கடிவாளம் வழக்கறிஞர் கையில் இருக்கும் நேரம் அது. அதை அவராகவே சாட்சியிடம் நீட்டினால் ஒழிய யாரும் பிடுங்க முடியாது.

ரிச்சர்ட் ஹோகார்ட் அப்போது லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில முதுநிலை விரிவுரையாளர். வயது நாற்பத்திரண்டு. லீட்ஸ் நகரின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், தாய் தந்தையை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். உதவித்தொகையில் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, மாலை வகுப்புகளில் தொழிலாளர்களுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி 1957இல் அவர் எழுதிய நூல் பெயர் பெற்றிருந்தது. முப்பத்தைந்து பேர் பட்டியலில் பெரும்புகழ் கொண்டவர் அல்லர். ஆனால் லாரன்ஸும் சுரங்கத் தொழிலாளியின் மகன். அந்த மனிதர்களின் பேச்சை ஹோகார்ட் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர், பிறந்த வீட்டிலேயே கேட்டவர்.

முதல் விசாரணையிலேயே அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்த நாவல் தீயது அல்ல, மிகுந்த ஒழுக்கம் கொண்டது, சொல்லப்போனால் தூய்மைவாத நூல் என்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன சொல் ‘பியூரிட்டானிக்கல்’. சாதாரண வழக்கில் இன்பம் என்றாலே முகம் சுளிக்கிற, உடலுறவு பற்றிய பேச்சையே சகிக்காத ஆளை அப்படிச் சொல்வார்கள். உடலுறவுக் காட்சிகள் பதின்மூன்று என்று அரசுத் தரப்பு எண்ணிச் சொன்ன ஒரு நாவலுக்கு இந்தப் பட்டமா? கிரிஃபித்-ஜோன்ஸுக்கு வலிய வந்து மாட்டிக்கொண்ட இரைபோல அது தெரிந்திருக்கும். எந்த வழக்கறிஞருக்கும் அப்படித்தான் தெரியும்.

அவர் எழுந்தார். உங்கள் நேர்மையைச் சந்தேகிப்பதாக நினைக்க வேண்டாம் என்று மிக மரியாதையாக ஆரம்பித்தார். நூல் தூய்மைவாதம் கொண்டது என்பது நீங்கள் ஆழ்ந்து யோசித்து வந்த கருத்துதானா என்றார். ஆம் என்றார் ஹோகார்ட். அடுத்து, அந்தச் சொல்லின் பொருளை வாழ்நாள் முழுக்கத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறேன் போலிருக்கிறது, எனக்கு உதவ முடியுமா என்று கேட்டார்.

வழக்கு அந்த இடத்தில்தான் திரும்பியது என்று சொல்லலாம். கேள்வி வடிவில் இருந்தாலும் அது கேள்வி அல்ல; ஜூரி சிரிப்பதற்காக வைத்த ஏளனம். இப்படிக் கேட்டால் சாட்சிகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்று செய்வார்கள். வெட்கப்பட்டுப் பின்வாங்குவார்கள், அல்லது கோபப்பட்டு மோதுவார்கள். இரண்டுமே வழக்கறிஞருக்கு லாபம். ஹோகார்ட் மூன்றாவது ஒன்றைச் செய்தார். உதவி கேட்கிறார், உதவுவோம் என்று எடுத்துக்கொண்டார். ஆம், உதவ முடியும், நிறைய பேர் அந்தச் சொல்லைத் தவறாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தொடங்கினார். இன்பத்துக்கு எதிரானவர் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது; மூலத்தில் அது பிரிட்டனின் தூய்மைவாத சமய மரபைக் குறிக்கிறது; அந்த மரபின் முதல் அடையாளம், தன் மனச்சாட்சிக்குத் தானே பொறுப்பு என்ற தீவிர உணர்வு. அந்தப் பொருளில் இந்த நூல் தூய்மைவாத நூல்தான் என்றார். குரலில் குத்தல் இல்லை, பணிவு காட்டும் நடிப்பும் இல்லை. மாலை வகுப்பில் ஒரு தொழிலாளி கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

விளக்கச் சொல்லாதே என்ற விதியை வழக்கறிஞர் தானே மீறிவிட்டார். அதன் விளைவு ஒரு பதிலோடு நிற்கவில்லை. அதுவரை ‘ஒழுக்கம்’ என்ற சொல் அரசுத் தரப்பின் சொத்தாக இருந்தது. இப்போது அது எதிர்த்தரப்பின் மேஜைக்குப் போய்விட்டது. நிபுணர்கள் இலக்கிய மதிப்பைப் பற்றித்தான் பேசலாம், நூல் வாசகரைக் கெடுக்குமா என்று கருத்துச் சொல்லக் கூடாது. எதிர்த்தரப்பு நேராகக் கேட்க முடியாத கேள்வியின் விளிம்புவரை போவதற்கு அரசுத் தரப்பே பாதை போட்டுக் கொடுத்தது.

அனுபவமுள்ள வழக்கறிஞர் அங்கே நிறுத்தியிருப்பார். கிரிஃபித்-ஜோன்ஸ் நிறுத்தவில்லை. அவரிடம் இன்னோர் ஆயுதம் இருந்தது. நாவலின் பகுதிகளை உரக்கப் படிப்பது. அந்தக் கூடத்தில், கறுப்பு அங்கியும் பொய்முடியும் அணிந்தவர்கள் நடுவே, படுக்கையறைக் காட்சியை உயிரற்ற குரலில் வாசித்தால் எந்த எழுத்தும் அசிங்கமாகத் தோன்றும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு பகுதியைப் படித்தார். இது தூய்மைவாதமா என்றார். ஆம் என்றார் ஹோகார்ட். ஆம் என்பதோடு நிற்கவும் இல்லை. சரியான உறவு அமையாத இரண்டு பேரைப் பற்றியது அது, மென்மையாகவும் சோகமாகவும் மனதைத் தொடுவதாகவும் இருக்கிறது என்றார். இன்னொரு பகுதி. மறுபடி அதே கேள்வி, மறுபடி ஆம், மறுபடி ஒரு காரணம். ஆணின் உடலுறுப்பைப் பச்சையாகப் பெயர் சொல்லும் வரி ஒன்றையும் வாசித்து, இதுவுமா என்றார். அதில் உள்ள பயபக்தியால் அதுவும் அப்படித்தான் என்றார் ஹோகார்ட். பயபக்தியா, அந்த உறுப்புக்கா என்று வழக்கறிஞர் அதிர்ச்சியோடு திருப்பிக் கேட்டார். ஆம், நிச்சயமாக என்ற பதில் வந்தது.

இந்த இடத்தில் யார் நிலைகுலைந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்விகள் சுருங்கிக்கொண்டே வந்தன. அவற்றில் வியப்புக்குறிகள் கூடிக்கொண்டே போயின. பதில்களோ தொடங்கிய நீளத்திலும் தொனியிலுமே இருந்தன. கேள்வி கேட்பவர் திடுக்கிட்டு, பதில் சொல்பவர் திடுக்கிடாமல் இருந்தால், ஜூரியின் கண் கேள்வி கேட்பவர் மீது போய்விடும். கிரிஃபித்-ஜோன்ஸின் ஆயுதம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருந்தது: அந்த வரிகளைக் கேட்டுச் சாட்சி கூச வேண்டும். ஹோகார்ட் கூசவில்லை. ஜூரிகளும் அந்தப் பகுதிகளை முன்பே தங்கள் அறையில் அமைதியாக, கதையின் போக்கில் படித்து முடித்திருந்தார்கள். உருவி எடுத்த வரிக்கு அவர்களிடம் புதிதாகத் தர அதிர்ச்சி ஏதுமில்லை. முழு நூலையும் படிக்கச் செய்த சட்டம் இங்கேதான் தன் வேலையைக் காட்டியது.

நாவலில் வரும் கெட்ட வார்த்தைகள் விஷயத்திலும் இதேதான் நடந்தது. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கிரிஃபித்-ஜோன்ஸ் தொடக்க உரையிலேயே கணக்குக் கொடுத்திருந்தார்; ஒரு சொல் மட்டும் முப்பது முறை. இந்தக் கணக்கை மறுக்கவோ மழுப்பவோ ஹோகார்ட் முயலவில்லை. இன்று காலை இந்த நீதிமன்றத்திலிருந்து ஐம்பது கஜ தூரத்தில், என்னைக் கடந்துபோன ஒருவர் அந்தச் சொல்லை மூன்று முறை சொன்னதைக் கேட்டேன் என்றார். அந்தச் சொல்லையே சாட்சிக் கூண்டில் தயங்காமல் உச்சரித்தார். லாரன்ஸ் அதன்மேல் படிந்த அழுக்கைத் துடைத்து, இரண்டு பேர் அன்பாகச் செய்யும் ஒரு காரியத்துக்குப் பெயராக அதைத் திருப்பித் தரப் பார்த்தார், படிக்கப் படிக்க அதிர்ச்சி போய்விடுகிறது என்பது அவருடைய வாதம். அரசுத் தரப்பு எழுத்தில் எண்ணிக் காட்டியதை, இவர் தெருவில் நடந்துவந்த வழியிலேயே கண்டெடுத்துக் கொடுத்தார். ஜூரிகளும் அதே தெரு வழியாகத்தான் வந்திருப்பார்கள்.

ஒரு கட்டத்தில் கிரிஃபித்-ஜோன்ஸின் பொறுமை வெளிப்படையாகவே அறுந்தது. இன்னொரு சொற்பொழிவு இல்லாமலே பதில் சொல்லக்கூடிய எளிய கேள்வி இது, நீங்கள் இப்போது லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேசிக்கொண்டிருக்கவில்லை என்றார். பழைய, பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஊர்ப்புறப் பல்கலைக்கழக ஆசிரியரை அடக்குகிற தொனி அது. மனைவியையும் வேலைக்காரர்களையும் பற்றிய கேள்வி எந்த உலகத்திலிருந்து வந்ததோ, இதுவும் அங்கிருந்துதான் வந்தது. நீளமான பதில்களுக்குக் கதவைத் திறந்தது அவர்தான் என்பதை அவர் மறந்திருக்கலாம்; பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு அவருடைய குறுக்கு விசாரணை மெலிந்தது. கூண்டில் ஏறிய பலரை அவர் குறுக்கு விசாரணை செய்யாமலே இறங்க விட்டார். அந்தக் காலத்தில் வாழ்ந்த நாவலாசிரியர்களில் மூத்தவரான ஃபார்ஸ்டர் வந்தபோதும் கேள்வி இல்லை என்று உட்கார்ந்துகொண்டார். நவம்பர் 2ஆம் தேதி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் கலந்துபேசிவிட்டு ஜூரிகள் வந்தார்கள். அப்போது பெரும்பான்மைத் தீர்ப்பு என்ற ஏற்பாடே இங்கிலாந்தில் கிடையாது. பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் குற்றமில்லை என்றார்கள். அச்சிட்டு வைத்திருந்த இரண்டு லட்சம் பிரதிகள் கடைக்குப் போயின. அடுத்த பதிப்பைப் பென்குவின் அந்தப் பன்னிரண்டு பேருக்கே சமர்ப்பித்தது.

ஒரே சாட்சிதான் வழக்கை வென்றார் என்று சொல்வது மிகை. ஜூரிகள் என்ன பேசினார்கள் என்பது அவர்களுடைய அறைக்குள் நின்றுவிட்டது. ஹோகார்ட் வராமல் இருந்தாலும், அரசுத் தரப்பில் ஒரு நிபுணர்கூட இல்லாத வழக்கு தோற்றிருக்கலாம். அவருடைய வாதமே முழுக்கச் சரியா என்பதும் பின்னால் கேள்விக்கு உள்ளானது. நாவலின் பிற்பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. அதில் நடப்பது அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கணவன் மனைவிக்கிடையேகூடக் குற்றமாகக் கருதப்பட்ட வகை உடலுறவு என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் ஸ்பாரோ 1962இல் ‘என்கவுன்டர்’ இதழில் எழுதினார். கிரிஃபித்-ஜோன்ஸுக்கும் அந்தப் பகுதியின் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து சாட்சிகளில் ஒருவரிடமும் அவர் அதைப் பற்றி நேராகக் கேட்கவில்லை. இறுதி உரையில் மட்டும் அதைப் படித்துக் காட்டி, ஆசிரியர் எதைச் சொல்ல வருகிறார் என்று புரிந்துகொள்வது அவ்வளவு எளிதல்ல என்று பூடகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். ஹோகார்ட்டை ஒருவேளை உண்மையிலேயே திணற வைத்திருக்கக்கூடிய கேள்வி அதுதான். அதைக் கேட்க வேண்டுமென்றால் நடப்பது என்னவென்று வழக்கறிஞர் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சாட்சியிடம் எதிர்பார்த்த கூச்சம் அந்த இடத்தில் கேட்பவரிடம் இருந்தது.

இதே நாவல் இந்தியாவிலும் கூண்டேறியது. லண்டன் வழக்குக்கு முந்தைய வருடம், 1959 டிசம்பரில், மும்பையில் ஒரு புத்தகக் கடையில் வாடிக்கையாளர்போல வந்த ஒருவரிடம் இதன் பிரதி ஒன்று விற்கப்பட்டது. கடையின் பங்குதாரர்கள்மீது இந்திய தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவில் வழக்கு வந்தது. அங்கேயும் ஓர் எழுத்தாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார்: முல்க் ராஜ் ஆனந்த். நாவலை விரிவாக அலசி, அது செவ்வியல் படைப்பு என்று சாட்சி சொன்னார். ஆனால் அவருக்கு எதிரே பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி இல்லை; ஒரு மாஜிஸ்திரேட் இருந்தார். பொது நன்மை என்ற விலக்கை எழுதி வைத்த புதுச் சட்டமும் இல்லை. ஹிக்ளின் அளவுகோல் அப்படியே இருந்தது. தண்டனை இருபது ரூபாய் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1964 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காகத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹிதயதுல்லா, ஒரு நூல் ஆபாசமா என்று முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றமே, நிபுணர் சாட்சியத்தை அது நம்பியிருக்க வேண்டியதில்லை என்ற நிலையை எடுத்துத் தண்டனையை உறுதிசெய்தார். லண்டனில் ஒரு விரிவுரையாளரின் பதில்களுக்கு அவ்வளவு எடை கிடைத்ததற்குக் காரணம், அவற்றைக் கேட்டு எடைபோடச் சட்டம் பன்னிரண்டு சாதாரண மனிதர்களை உட்கார வைத்திருந்தது. மும்பையில் அந்த இருக்கைகள் இல்லை.

இந்தியச் சட்டத்தில் இலக்கியத்துக்கும் கலைக்கும் அறிவியலுக்கும் பொது நன்மை என்ற விலக்கு 1969இல் சேர்ந்தது. ஹிக்ளின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014இல்தான். ஹோகார்ட் 1964இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வெகுஜனப் பண்பாட்டை ஆராயும் மையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் பென்குவினின் நிறுவனர் ஆலன் லேனும் ஒருவர்.